ஊரிலிருந்து வந்த தடுப்பூசி அட்டையும் கலிஃபோர்னியா பள்ளிச் சேர்க்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி அலுவலகத்தில் சேர்க்கைக் காகிதங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஜூலை பிறந்தால் போதும், தமிழ்நாட்டு அட்டைகளின் போட்டோக்கள் வரிசையாக வந்துவிடும். தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் எல்லாம் என் மேசைக்கே வரும். பெற்றோர் கேட்கும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் நர்ஸோ டாக்டரோ இல்லை. அட்டையில் இருப்பதைச் சரியாகப் படிப்பது வரைதான் என் பங்கு, எந்த ஊசி போட வேண்டும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதில் உள்ள பள்ளி விதிகள் கலிஃபோர்னியாவுக்கு உரியவை, வேறு மாநிலத்தில் கணக்கு மாறும்.

அம்மா அட்டையை போட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்பியிருக்காங்க. அதையே ஸ்கூல்ல குடுத்தா போதுமா?

படிப்பதற்கு அது போதும். சான்றாக ஏற்க இன்னும் சில விஷயங்கள் தேவை. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, ஒவ்வொரு ஊசியின் பெயர், போட்ட தேதி, போட்ட இடத்தின் முத்திரை அல்லது டாக்டர் கையெழுத்து எல்லாம் தெரிய வேண்டும். பெரும்பாலும் ஊசிப் பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பெயர் இருக்கும் முதல் பக்கம் இல்லாவிட்டால் அது யாருடைய அட்டை என்றே எங்களால் சொல்ல முடியாது.

நல்ல வழி, அந்தப் போட்டோக்களை முதலில் இங்குள்ள குழந்தை மருத்துவரிடம் காட்டுவது. அவர் ஒத்துக்கொண்ட ஊசிகளை மாநிலத்தின் தடுப்பூசிப் பதிவேட்டில் ஏற்றிவிடுவார். அதிலிருந்து எடுத்த ஒரு தாள் வந்தால் எங்கள் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

போட்டோ எப்படி எடுக்கச் சொல்லணும்? மூணு தடவை அனுப்பியும் தெரியலன்னு சொல்றீங்களே.

அட்டையை மேசையில் தட்டையாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலே இருந்து எடுக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் உறையில் இருந்தால் வெளியே எடுத்துவிட வேண்டும், பளபளப்பு எப்போதும் தேதியின் மேல்தான் விழும். காலியாக இருக்கும் பக்கத்தையும் சேர்த்து எல்லாப் பக்கமும் வேண்டும். வாட்ஸப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் எழுத்து மங்காது.

மடிப்பில் விழுந்த தேதிகளையும், சுருண்டுபோன ஸ்டிக்கர்களையும் விரலால் நீவிப் பிடித்துத் தனியாக இன்னொரு படம் எடுப்பது நல்லது. 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் தெரியாமல் போவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

அட்டையில பதினஞ்சு ஊசி பேர் இருக்கு. ஸ்கூல் கேக்கறது எதெல்லாம்?

கிண்டர்கார்டன், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்து வரிசைதான். டிப்தீரியா-கக்குவான்-டெட்டனஸ் 5 டோஸ் (4-வது பிறந்தநாளிலோ பிறகோ ஒன்று விழுந்திருந்தால் 4 போதும்). போலியோ 4 டோஸ் (அதே நிபந்தனையில் 3). ஹெபடைடிஸ் பி 3. எம்.எம்.ஆர் 2, இரண்டும் முதல் பிறந்தநாளிலோ பிறகோ. சின்னம்மை 2. ஏழாம் வகுப்புக்குப் போகும்போது டிடாப் என்ற இன்னொரு ஊசி சேரும்.

பி.சி.ஜி., ரோட்டா சொட்டு, மூளைக்காய்ச்சல் ஊசி, டைஃபாய்டு, வைட்டமின் ஏ இவையெல்லாம் இந்தக் கணக்கில் வராது. அதற்காக அழிக்கவோ மறைக்கவோ வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

பென்டா போட்டிருக்கு, பென்டாக்சிமும் போட்டிருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. பெயரில் 'பென்டா' என்று இருக்கும் ஐந்து ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு. அரசு மையத்தில் 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் டிப்தீரியா, கக்குவான், டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி, ஹிப் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இது 2011 டிசம்பரில் வந்தது. தனியார் டாக்டர்கள் போடும் பென்டாக்சிமில் ஹெபடைடிஸ் பி கிடையாது, அதற்குப் பதில் போலியோ ஊசி மருந்து இருக்கிறது.

ஆகவே பென்டாவேலன்ட் ஒன்றை டிப்தீரியா வரிசையிலும் ஹெபடைடிஸ் பி வரிசையிலும் எழுத வேண்டும். பென்டாக்சிமை டிப்தீரியா வரிசையிலும் போலியோ வரிசையிலும் எழுத வேண்டும். ஹெக்சாக்சிம் என்றிருந்தால் மூன்று வரிசையிலும் போகும். டெட்ராக்சிம் என்றால் டிப்தீரியாவும் போலியோவும் மட்டும். ஒரு அப்பா எல்லாவற்றையும் 'பென்டா 1, 2, 3, 4' என்று அழகாக டைப் அடித்துக் கொண்டு வந்தார். நாலாவது பென்டாக்சிம். போலியோ கணக்கில் ஒன்று குறைந்து, ஹெபடைடிஸ் கணக்கில் ஒன்று கூடிவிட்டது. தாளில் ஸ்டிக்கர் இருந்தால் கையெழுத்தை விட ஸ்டிக்கரில் அச்சான பெயரை நம்புங்கள்.

'முத்தடுப்பு ஊசி'ன்னு இருக்கு. மூணு நோய்க்கு, அப்ப எம்.எம்.ஆர் தானே?

இது தமிழ் அட்டைக்கே உரிய வம்பு. நம் ஊரில் முத்தடுப்பு என்றால் டி.பி.டி, அதாவது தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி. எம்.எம்.ஆர் மூன்று நோய்க்கானதுதான் என்றாலும் அதை யாரும் முத்தடுப்பு என்று எழுதுவதில்லை. மொழிபெயர்த்துக் கொடுப்பவர் 'மூன்று நோய் ஊசி' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டால், இங்குள்ள நர்ஸ் அதை எம்.எம்.ஆர் வரிசையில் போட்டுவிட வாய்ப்பு உண்டு. முத்தடுப்பு என்று பார்த்தால் டி.பி.டி என்றே எழுதுங்கள். சின்னம்மையும் தட்டம்மையும் அப்படித்தான்: வெறும் 'அம்மை ஊசி' என்று இருந்தால் வயதைப் பாருங்கள். 9 மாதத்தில் அரசு மையத்தில் போட்டது தட்டம்மைக்கானது. சின்னம்மை ஊசி அரசு அட்டவணையில் இல்லை, தனியாரிடம்தான் போட்டிருப்பார்கள்.

எம்.ஆர் ரெண்டு தடவை போட்டாச்சு. அப்புறமும் ஏன் எம்.எம்.ஆர் கேக்கறாங்க?

எம்.ஆர் என்பது தட்டம்மையும் ரூபெல்லாவும் மட்டும். நடுவில் உள்ள இன்னொரு 'எம்' பொன்னுக்கு வீங்கிக்கானது, அது அதில் இல்லை. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் எம்.ஆர் முகாம் தொடங்கியது, அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளின் அரசு அட்டையில் எம்.ஆர்தான் இருக்கும். கலிஃபோர்னியா தட்டம்மைக்கு 2, பொன்னுக்கு வீங்கிக்கு 2, ரூபெல்லாவுக்கு 1 கேட்கிறது.

அப்புறம் வயது. முதல் எம்.ஆர் 9 மாதத்தில் விழுகிறது. முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டது இங்கே கணக்கில் வராது. நாலு நாள் வரை முன்னால் இருந்தால் ஏற்பார்கள், நாலு வாரம் என்றால் மாட்டார்கள். ஆக அரசு மையத்தில் மட்டும் போட்ட பிள்ளைக்கு, 16 மாதத்தில் போட்ட எம்.ஆர் ஒன்று தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் நிற்கும், பொன்னுக்கு வீங்கிக்குப் பூஜ்யம். இங்கே வந்து 28 நாள் இடைவெளியில் இரண்டு எம்.எம்.ஆர் போடச் சொல்வது இதனால்தான். ஊரில் டாக்டர் தப்பு செய்துவிட்டார் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். அங்கே தட்டம்மை சீக்கிரம் வருகிறது, அதனால் சீக்கிரம் போடுகிறார்கள்.

போலியோ சொட்டு ஏழெட்டு தடவை குடுத்திருக்கு. இன்னும் ஊசி வேணும்கிறாங்களே?

2016 ஏப்ரலில் உலகம் முழுவதும் சொட்டு மருந்தை மாற்றினார்கள். அதுவரை மூன்று வகை போலியோ வைரஸுக்கும் இருந்த சொட்டு, பிறகு இரண்டு வகைக்கு மட்டும் ஆனது. இந்தியாவில் மாறிய நாள் 2016 ஏப்ரல் 25. மூன்று வகைக்கும் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி, அதனால் 2016 ஏப்ரல் 1 முதல் கொடுத்த எந்தச் சொட்டையும் இங்கே எண்ண மாட்டார்கள். முகாமில் விரலில் மை வைத்துக் கொடுத்த சொட்டும் இதில் அடக்கம்.

அட்டையில் 'எஃப்-ஐ.பி.வி' என்று ஒன்று இருக்கும். அது தோலுக்குள் போடும் சிறு அளவு ஊசி, 0.1 மில்லி. முழு ஊசி 0.5 மில்லி. இதை மொழிபெயர்க்கும்போது 'எஃப்' எழுத்தை விட்டுவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு அளவை முழு டோஸ் என்று எழுதியதாக ஆகிவிடும். அதை எண்ணுவதா வேண்டாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். நீங்கள் உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்.

ஸ்டிக்கர்ல இருக்கற பேட்ச் நம்பரையெல்லாம் எழுதிக் குடுக்கணுமா?

பள்ளி பேட்ச் நம்பரைக் கேட்பதில்லை. அரசு அட்டையில் பெரும்பாலும் அது இருக்கவும் இருக்காது, இல்லை என்பதால் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஆனால் இருந்தால் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது, அது ஒரு சாட்சி மாதிரி. பெயர், தயாரித்த நிறுவனம், பேட்ச், தயாரித்த மாதம், காலாவதி மாதம் எல்லாம் அதில் அச்சில் இருக்கும். எழுதிக் கொடுப்பதாக இருந்தால் எழுத்து ஓ-வா பூஜ்யமா என்று சந்தேகம் வரும் இடத்தில் ஊகிக்காமல் விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. காலாவதித் தேதியை ஊசி போட்ட தேதி என்று எழுதிக்கொண்டு வருபவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அடையாளம் எளிது: ஸ்டிக்கர் தேதியில் பெரும்பாலும் மாதமும் வருடமும் மட்டும் இருக்கும், நாள் இருக்காது. போட்ட தேதி பேனாவால் எழுதியது, அதில் நாள் இருக்கும். அதேபோல, பல அட்டைகளில் 'போட வேண்டிய தேதி', 'போட்ட தேதி' என இரண்டு பத்தி உண்டு. முதல் பத்தியில் மட்டும் தேதி இருந்தால் அந்த ஊசி போடப்பட்டது என்று அர்த்தம் இல்லை.

3/8/20 அப்படின்னு இருக்கு. மார்ச் எட்டா, ஆகஸ்ட் மூணா?

ஊர் அட்டையில் நாள் முதலில், மாதம் அடுத்தது. ஆகஸ்ட் 3. இங்குள்ள நர்ஸ் கண்ணுக்கு அது மார்ச் 8. அதனால் நீங்கள் எழுதிக் கொடுக்கும் தாளில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், எண்ணில் வேண்டவே வேண்டாம். இருந்தாலும் 'ஊர் வழக்கம்' என்று சொன்னால் மட்டும் போதாது, அட்டையிலிருந்தே காட்ட முடிய வேண்டும். போன வருடம் வந்த ஒரு அட்டையை அப்படியே சொல்கிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குழந்தை பிறந்தது 2019 மார்ச் 8. முதல் பாதி ஆரம்ப சுகாதார நிலையத்து அட்டை. பென்டா-1 22/04/2019, பென்டா-2 03/06/2019, பென்டா-3 04/07/2019. முதல் தேதியில் சிக்கல் இல்லை, 22-வது மாதம் கிடையாது. இரண்டாவதை அமெரிக்க முறையில் படித்தால் மார்ச் 6, குழந்தை பிறக்க இரண்டு நாள் முன்பு! மூன்றாவது ஏப்ரல் 7 ஆகும், பென்டா-1-க்கு முன்னால் பென்டா-3 வராது. ஆக இந்தப் பக்கம் முழுக்க நாள்தான் முதலில்.

இரண்டாவது பாதி தனியார் டாக்டரின் புத்தகம். வேறு கை, வேறு பேனா, ஆகவே பழைய பக்கத்துச் சாட்சியை இங்கே கொண்டுவர முடியாது. அதில் எம்.எம்.ஆர் 10/7/20, அதற்குக் கீழே சின்னம்மை 3/8/20, அதற்கும் கீழே பென்டாக்சிம் 18/12/20. அமெரிக்க முறையில் படித்தால் எம்.எம்.ஆர் அக்டோபர் 7, சின்னம்மை மார்ச் 8, அதாவது சரியாக முதல் பிறந்தநாள். இரண்டும் விதிக்குள் அழகாக உட்காரும். இங்குள்ள நர்ஸும் அப்படியே எடுத்துக்கொள்ள இருந்தார். எம்.எம்.ஆர் ஸ்டிக்கரைப் பெரிதாக்கிப் பார்த்தோம். காலாவதி 09/2020 என்று இருந்தது. அக்டோபரில் போட்டிருந்தால் காலாவதியான மருந்து. கீழே இருக்கும் 18/12 அதே கையெழுத்தில் நாளை முதலில் எழுதியிருக்கிறது. வரிசையும் ஜூலை, ஆகஸ்ட், டிசம்பர் என்று மேலிருந்து கீழே ஒழுங்காக இறங்குகிறது. மூன்று சாட்சி, ஒரே பதில்: ஜூலை 10, ஆகஸ்ட் 3.

சரி, தேதி சரியா படிச்சாச்சு. அதுல என்ன பிரச்சனை வந்துடப் போகுது?

அந்த அட்டையிலேயே வந்தது. எம்.எம்.ஆரும் சின்னம்மையும் உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்தவை. இரண்டையும் ஒரே நாளில் போடலாம், இல்லையென்றால் குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். ஜூலை 10-க்கும் ஆகஸ்ட் 3-க்கும் நடுவே 24 நாள்தான். முன்னே சொன்ன நாலு நாள் சலுகை வயதுக்கு உண்டு, இந்த இடைவெளிக்குக் கிடையாது. எனவே அந்தச் சின்னம்மை ஊசி கணக்கில் நிற்கவில்லை.

அப்பாவுக்குக் கோபம். 'மார்ச் எட்டுன்னே வச்சுக்கலாமே, யாருக்குத் தெரியப் போகுது' என்றார். அப்படி வைத்தால் எம்.எம்.ஆர் தேதியையும் மாற்ற வேண்டும், ஸ்டிக்கர் அதற்கு எதிராக நிற்கும். அதைவிட, பிள்ளைக்கு அந்த ஊசி வேலை செய்ததா இல்லையா என்பதுதான் கேள்வி, பள்ளியை ஏமாற்றுவதில் லாபம் ஏதும் இல்லை.

மீதிக் கணக்கு இப்படி முடிந்தது. 2024 மார்ச் 20-ல் டெட்ராக்சிமும் இரண்டாவது எம்.எம்.ஆரும் போட்டிருந்தார்கள். டிப்தீரியா வரிசை: பென்டா மூன்று, பென்டாக்சிம், டெட்ராக்சிம், ஐந்தும் சரி. எம்.எம்.ஆர் இரண்டும் சரி, 9 மாத எம்.ஆர் எண்ணப்படவில்லை. போலியோவில் முழு அளவு ஊசி இரண்டுதான் (பென்டாக்சிம், டெட்ராக்சிம்), அவர்கள் டாக்டர் மூன்றாவதாக ஒன்று போட்டார். சின்னம்மை ஒன்று உடனே, இன்னொன்று மூன்று மாதம் கழித்து.

ஹெபடைடிஸ் பி நாலு இருக்கு, கேக்கறது மூணு. அதுல கூடவா குறை?

மேலே சொன்ன பிள்ளைக்கும் அப்படித்தான்: பிறந்த நாளில் ஒன்று, பென்டாவில் மூன்று. எண்ணிக்கை தாராளம். ஆனால் அமெரிக்க அட்டவணைப்படி கடைசி டோஸ் குழந்தைக்கு 24 வாரம் ஆன பிறகு விழ வேண்டும். பென்டா-3 போட்ட 2019 ஜூலை 4 அன்று அந்தக் குழந்தைக்கு 16 வாரம் 6 நாள். நம் ஊர் அட்டவணையில் 14 வாரத்தோடு முடிவதால், அரசு மையத்தில் போட்ட பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வரும். மருத்துவர் இன்னொன்று போடலாம் என்றால் காரணம் இதுதான், காசு பிடுங்குவதற்கு இல்லை. பிறகு தனியாரிடம் ஹெக்சாக்சிம் பூஸ்டர் போட்டிருந்தால் அதிலேயே தீர்ந்திருக்கும், ஸ்டிக்கரைப் பாருங்கள்.

சில இடத்துல தேதி இல்ல, டிக் மட்டும்தான். நாங்களே தேதி எழுதிக்கலாமா?

கூடாது. தேதி இல்லாத டிக்கை யாரும் ஏற்க மாட்டார்கள், புதிதாக எழுதிய தேதி மொத்த அட்டையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். மையின் நிறம் போட்டோவில் கூடத் தெரிகிறது. பக்கத்துக் கட்டத்தில் அதே நாளில் போட்ட வேறு ஊசியின் தேதி இருந்தால், அட்டையைக் கொடுத்த மையத்திலேயே கேட்டு, அவர்கள் கையால் எழுதி முத்திரை வைத்து வாங்குங்கள்.

ரெண்டு ஊசி பாக்கி. அதுவரைக்கும் புள்ளைய வீட்லயே வச்சுக்கணுமா?

வேண்டியதில்லை. இப்போது போட வேண்டியதைப் போட்டுவிட்டு, அடுத்த டோஸுக்கு இன்னும் நாள் ஆகவில்லை என்றால், நிபந்தனையோடு சேர்த்துக்கொள்ள வழி உண்டு. அடுத்த தேதியைக் குறித்துத் தருவோம், அது தவறினால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப வேண்டிவரும். மேலே சொன்ன பிள்ளை சின்னம்மை முதல் டோஸ் போட்ட மறுநாளே வகுப்புக்கு வந்தது.

'முப்பது பள்ளி நாள் டைம் தருவாங்களாமே' என்று சிலர் வருவார்கள். அது அமெரிக்காவுக்குள்ளேயே வேறு பள்ளியிலிருந்து மாறி வருகிற பிள்ளையின் தாள்கள் வந்துசேரக் கொடுக்கும் அவகாசம். விமானத்தில் நேராக ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அது பொருந்தாது.

வீடு மாறினப்ப அட்டை தொலைஞ்சு போச்சு. போட்டோ கூட இல்ல. என்ன பண்றது?

போட்டதாக வாயால் சொன்னால் எடுபடாது, பி.சி.ஜி தழும்பைக் காட்டினாலும் அது பி.சி.ஜிக்கு மட்டும்தான் சாட்சி. முதலில் ஊசி போட்ட துணை சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு பதிவேடு இருக்கும், குழந்தையின் பெயரை விட அம்மாவின் பெயரும் பேறுகாலத்தில் கொடுத்த பிக்மி எண்ணும் சொன்னால் சீக்கிரம் கிடைக்கும். பல குழந்தைகளின் பதிவேட்டில் பிறந்தபோது வைத்த பெயரே இருக்காது, 'இன்னாரின் பெண் குழந்தை' என்றுதான் இருக்கும். தனியார் டாக்டர் என்றால் அவருடைய லெட்டர் பேடில் தேதிகளோடு எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

எதுவும் கிடைக்காவிட்டால் இங்குள்ள டாக்டர் சில நோய்களுக்கு இரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்ப்பார், அல்லது முதலிலிருந்து போட ஆரம்பிப்பார். முன்பே போட்டிருந்தால் மறுபடி போடுவதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. ஒரு பாட்டி மூன்று வாரம் தேடி, கடைசியில் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்து அனுப்பினார். அதற்குள் பேத்திக்கு இரண்டு ஊசி மறுபடி விழுந்துவிட்டது. அந்த அட்டையையும் டாக்டரிடம் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னேன், மீதி ஊசிகளாவது தப்பின.